சுருங்கி வெளுத்த சிறுநீரகம்: ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி, மீட்சிக்கு எல்லை எது?

‘பைலேட்டரல் ஸ்மால் கான்ட்ராக்டட் கிட்னீஸ், இன்கிரீஸ்டு கார்டிகல் எக்கோஜெனிசிட்டி, சி.எம்.டி. லாஸ்ட்’ என்று வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தால், இரு சிறுநீரகங்களும் சிறுத்துவிட்டன, அவற்றின் புறணி (கார்டெக்ஸ்) வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரிகிறது, புறணிக்கும் உட்பகுதிக்கும் இடையிலான எல்லை மறைந்துவிட்டது என்று பொருள். இதைப் படித்த குடும்பத்தார் கேட்பது ஒரே கேள்விதான்: கிட்னி மறுபடியும் பழையபடி ஆகுமா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சுருங்கிய சிறுநீரகம் மீண்டும் வளருமா என்பது ஒன்று, வளராது. இன்று இரத்தத்தில் ஏறியிருக்கும் கிரியேட்டினின் என்னும் கழிவு இறங்குமா என்பது மற்றொன்று. பல நேரங்களில் ஓரளவு இறங்கும். ஸ்கேன் காட்டுவது பல ஆண்டுகளாகச் சேர்ந்த இழப்பை. இரத்தப் பரிசோதனை காட்டுவதோ அந்த இழப்பையும், சென்ற வாரம் வந்த வயிற்றுப்போக்கையும், விழுங்கிய வலி மாத்திரையையும் ஒன்றாகக் கூட்டிய கணக்கை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்காகவே பின்வரும் படிகள். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் எளிதாக இருக்கும்.

முதல் படி: நீளத்தை ஆளோடு சேர்த்துப் பாருங்கள்

வளர்ந்தவர்களின் சிறுநீரகம் பொதுவாக 9 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இடப்பக்கம் சற்று நீளமாக இருப்பது இயல்பு. இரண்டுக்கும் இடையே 1.5 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால்தான் காரணம் தேட வேண்டும். இந்த அளவு உயரத்தைப் பொறுத்தது என்பதால், ஐந்தடிக்குக் குறைவான ஒரு பெண்ணுக்கு 9 சென்டிமீட்டர் முற்றிலும் இயல்பாக இருக்கலாம். ஆறடி ஆணுக்கு அதே 9 சிறுத்ததாகக் கருதப்படும். ஐம்பது வயதுக்குப் பின் நீளம் மெல்லக் குறைவதும் இயற்கையே. ஆனால் கிரியேட்டினின் உயர்ந்துள்ள ஒருவருக்கு இரு பக்கமும் 8 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால், அது ஓரிரு மாதங்களில் வந்த நோயாக இருப்பது மிக அரிது.

இந்த எண்ணை அரை சென்டிமீட்டர் துல்லியத்தோடு நம்பக் கூடாது. கருவியை நீளவாக்கில் சரியாகப் பிடிக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே சிறுநீரகம் குட்டையாகத் தெரியும். குடலில் வாயு நிறைந்திருந்தால் இடப்பக்கத்தின் கீழ்முனை கண்ணுக்கே படாது. ஒரே நாளில் இருவர் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் வரை வேறுபடுவதுண்டு. ஆகவே சென்ற ஆண்டு 8.6 என்றும் இந்த ஆண்டு 8.2 என்றும் எழுதியிருப்பதை வைத்து ‘இன்னும் சுருங்கிவிட்டது’ என்று பதறுவதற்கு அடிப்படை இல்லை.

இரண்டாம் படி: புறணியின் தடிமனைத் தேடுங்கள்

நீளத்தைவிட அதிகம் பேசும் அளவு இது. ஆயினும் பல ரிப்போர்ட்டுகளில் இது எழுதப்படுவதே இல்லை. இல்லையென்றால் ஸ்கேன் எடுத்த மருத்துவரிடம் கேட்டுப் பெறுவதில் தவறொன்றும் இல்லை.

சிறுநீரகத்தை நீளவாக்கில் வெட்டினாற்போல் பார்க்கும்போது, உட்பகுதியில் கருமையான முக்கோணங்கள் வரிசையாகத் தெரியும், அவை பிரமிடுகள். பிரமிடின் அடிப்பாகத்திலிருந்து வெளியுறை வரை நேர்குத்தாக அளந்தால் கிடைப்பது புறணியின் தடிமன். இது இயல்பாக ஏறத்தாழ 7 முதல் 10 மில்லிமீட்டர் இருக்கும். சில ரிப்போர்ட்டுகள் இதற்குப் பதிலாக ‘பாரன்கைமல் திக்னஸ்’ என்று எழுதும். அது வெளியுறையிலிருந்து நடுவிலுள்ள கொழுப்பு வரை, பிரமிடையும் சேர்த்து அளந்தது. இயல்பில் 15 முதல் 20 மில்லிமீட்டர். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் முடிவு தலைகீழாகிவிடும்: 9 மில்லிமீட்டர் என்பது புறணிக்கு நல்ல அளவு, பாரன்கைமாவுக்கு மிக மெலிந்த அளவு. எல்லை மறைந்துபோன சிறுநீரகத்தில் பிரமிடே தெரியாது என்பதால் புறணியைத் தனியே அளக்க முடியாது. அங்கே பாரன்கைமா அளவு மட்டுமே கிடைக்கும்.

நீளம் ஏமாற்றக்கூடிய மற்றோர் இடமும் இங்கேதான் இருக்கிறது. திசு தேயத் தேய, சிறுநீரகத்தின் நடுவிலுள்ள கொழுப்பு பெருகி அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து அளந்தால் 9.2 சென்டிமீட்டர் என்று நிறைவாகத் தோன்றும். அந்த உறைக்குள் வேலை செய்யும் திசுவோ 8 மில்லிமீட்டர் பட்டையாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

புறணிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸ் என்னும் நுண்குழல் முடிச்சுகள் அனைத்தும் புறணியில்தான் இருக்கின்றன. ஒரு முடிச்சும் அதன் குழாயும் சேர்ந்தது ஒரு நெஃப்ரான்; ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய பத்து இலட்சம் நெஃப்ரான்கள். அவை தாய் வயிற்றிலேயே, சுமார் 36ஆம் வாரத்துக்குள், உருவாகி முடிந்துவிடுகின்றன. அதன்பின் புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை. நெஃப்ரானின் குழாய்ப் பகுதியிலுள்ள செல்கள் அடிபட்டால், அவற்றைத் தாங்கும் சவ்வு கெடாதிருக்கும்வரை, மீண்டும் முளைத்துக்கொள்ளும். தழும்பாகிப்போன குளோமெருலஸ் அப்படி மீள்வதில்லை. எஞ்சியவை பெருத்து, கூடுதல் சுமையை இழுத்துக் கொஞ்ச காலம் ஈடுசெய்யும். மெலிந்த புறணி என்பது எஞ்சிய முடிச்சுகள் எவ்வளவு குறைவு என்பதற்கான ஓர் உத்தேசக் கணக்கு.

கண்ணாடி விரியன் கடித்தோ, பிரசவத்தில் பெரும் இரத்தப்போக்கு ஏற்பட்டோ திடீரெனச் சிறுநீரகம் நின்றுபோனவர்களிடம் இதைத் தெளிவாகக் காணலாம். முதல் வாரத்தில் இவர்கள் எல்லோருடைய சிறுநீரகமும் ஏறத்தாழ இயல்பான அளவிலேயே இருக்கும். குழாய்கள் மட்டும் அடிபட்டவர்களுக்குச் சில வாரங்களில் சிறுநீர் திரும்பிவிடும், டயாலிசிஸ் நிறுத்தப்படும். புறணியே இரத்தமின்றி இறந்துபோனவர்களுக்கு (கார்டிகல் நெக்ரோசிஸ்) மூன்று நான்கு வாரங்களாகியும் சிறுநீர் வராது. சாயம் செலுத்திய சி.டி. ஸ்கேனில் புறணி மட்டும் ஒளிராமல் கருத்து நிற்கும். அடுத்த சில மாதங்களில் அதே சிறுநீரகம் சுருங்கி, சிலருக்குச் சுண்ணாம்பும் படிந்துவிடும். இறந்தது எவ்வளவு புறணி என்பதுதான் அங்கு விளைவைத் தீர்மானிக்கிறது. இறப்பு திட்டுத்திட்டாக இருந்தவர்கள் ஓரளவேனும் மீள்வதுண்டு.

மூன்றாம் படி: வெளுப்பை எதோடு ஒப்பிட்டார்கள்?

வலச் சிறுநீரகத்தைக் கல்லீரலோடும், இடச் சிறுநீரகத்தை மண்ணீரலோடும் ஒப்பிடுவது வழக்கம். ஆரோக்கியமான புறணி கல்லீரலுக்குச் சமமாகவோ அதைவிடச் சற்றுக் கருமையாகவோ இருக்கும். மண்ணீரலைவிடக் கருமையாகவே இருக்கும். கல்லீரலைவிட வெளுத்திருந்தால் அது மாற்றம். நடுவிலுள்ள கொழுப்பைப் போலவே வெளுத்து, இரண்டையும் பிரித்தறிய முடியாமல் போனால் அது கடைசி நிலை. ‘கிரேடு’ என்று ரிப்போர்ட்டில் வருவது இந்த ஏணிதான். சிலர் அதை 1 முதல் 3 வரையும், சிலர் 1 முதல் 4 வரையும் எண்ணுகிறார்கள். ஆகவே எண்ணை மட்டும் இன்னொரு மையத்தின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

நீரிழிவோ உடற்பருமனோ உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து, அதுவே வெளுத்திருப்பது மிகச் சாதாரணம். அந்தப் பின்னணியில், நோயுற்ற சிறுநீரகமும் இயல்பாகத் தெரிந்துவிடும். ரிப்போர்ட்டின் மேல் பகுதியில் ‘ஃபேட்டி லிவர்’ என்று இருந்தால், கீழே ‘கிட்னி எக்கோ நார்மல்’ என்றிருப்பதை அப்படியே ஏற்காமல், மண்ணீரலோடு ஒப்பிட்டால் எப்படி என்று கேட்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, வெளுப்பு மட்டும் தனியாக நின்றால் அது தழும்புக்குச் சான்றல்ல என்பது. ஒலியலைகளைச் சிதறடிப்பது எதுவாயினும் திரையில் வெளுப்பாகத் தெரியும். அது நார்த்தழும்பாக இருக்கலாம், சுருங்கிய குழாய்களாக இருக்கலாம், அழற்சி செல்களின் கூட்டமாகவும் இருக்கலாம். திடீரென வரும் குளோமெருலஸ் அழற்சியிலும், மருந்து ஒவ்வாமையால் வரும் இடைத்திசு அழற்சியிலும் சிறுநீரகம் நன்றாகவே வெளுக்கும். ஆனால் அப்போது அது இயல்பான அளவிலோ சற்று வீங்கியோ இருக்கும், தகுந்த சிகிச்சையில் மீளவும் கூடும். ‘எக்கோ அதிகம்’ என்ற ஒரே சொல்லை வைத்து, 11 சென்டிமீட்டர் சிறுநீரகம் உள்ளவரிடம் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுவது, என் பார்வையில், சுருங்கிய சிறுநீரகத்துக்கு வீண் நம்பிக்கை தருவதைவிடப் பெரிய தவறு. வெளுப்பு, சிறுத்த நீளம், மெலிந்த புறணி ஆகிய மூன்றும் சேர்ந்து வரும்போதுதான் ‘திரும்பாத இழப்பு’ என்ற சொல் பொருந்துகிறது.

சி.எம்.டி. என்று சுருக்கி எழுதப்படும் எல்லையும் இப்படித்தான். அது மங்கியிருப்பது பழைய நோயிலும் உண்டு, புதிய நோயிலும் உண்டு; சிறுத்த சிறுநீரகத்தில் முற்றிலும் மறைந்திருந்தால் பழைய நோய்க்கு வலு சேர்க்கும்.

நான்காம் படி: வடிவத்தைக் கவனியுங்கள்

இரண்டும் ஒரே அளவில், விளிம்பு வழவழப்பாகச் சுருங்கியிருந்தால் நோய் இரு சிறுநீரகங்களையும் ஒருசேரப் பாதித்தது: பழைய குளோமெருலஸ் அழற்சி, நீண்டகால இரத்த அழுத்தம், இடைத்திசு நோய் ஆகியவை. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் உழைக்கும் விவசாயிகளிடையே பரவியுள்ள, காரணம் அறியப்படாத சிறுநீரக நோயும் இந்த வகையே. சிறுநீரில் புரதம் அதிகம் போகாமல், கால் வீக்கமும் இல்லாமல் சத்தமின்றி நகரும் நோய் என்பதால், முதல் ஸ்கேனிலேயே சுருங்கிய சிறுநீரகம் தென்படுவது அங்கே புதிதல்ல.

ஒன்று மட்டும் சிறுத்து மற்றொன்று பெருத்திருந்தால், சிறுத்த பக்கத்து இரத்தக்குழாய் அடைப்போ, பிறவிக் குறையோ, பழைய தொற்றோ காரணமாகலாம். பிரமிடுக்கு நேர்மேலே விளிம்பு குழிந்து, அதன் கீழே சிறுநீர் சேரும் கிண்ணமும் விரிந்திருந்தால், அது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேலேறியதால் வந்த தழும்பு. இரண்டு பிரமிடுகளுக்கு இடையில் மட்டும் குழிந்திருந்தால் அது பிறவியிலேயே உள்ள மடிப்பு, நோயல்ல.

நாட்பட்ட நோயாக இருந்தும் சிறுநீரகம் சுருங்காத நிலைகளும் உண்டு. நீரிழிவு, திசுவில் புரதம் படியும் அமிலாய்டு, நீர்க்கட்டி நோய் ஆகியவற்றில் சிறுநீரகம் பெரும்பாலும் கடைசிவரை இயல்பான அளவிலோ பெருத்தோ இருக்கும். நீரிழிவு உள்ளவருக்கு ‘கிட்னி சைஸ் நார்மல்’ என்று வந்தால், அது நற்செய்தி என்று எடுத்துக்கொள்ள இயலாது.

ஐந்தாம் படி: மீளக்கூடிய பங்கைத் தேடுங்கள்

சுருங்கிய சிறுநீரகத்துக்குச் சேமிப்பு கிடையாது. ஆரோக்கியமானவர் தாங்கிக்கொள்ளும் ஒரு நாள் வாந்தி, அவருக்குக் கிரியேட்டினினை இரட்டிப்பாக்கிவிடும். ஆகவே ஸ்கேனில் சுருக்கம் தெரிந்தவுடன் ‘இதனால்தான் ஏறியது’ என்று முடித்துவிடாமல், இந்த எண் எப்போது, எவ்வளவு வேகத்தில் ஏறியது என்று பார்க்க வேண்டும். பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்தான் இதற்கு முதல் கருவி. அறுவைக்கு முன் எடுத்தது, காப்பீட்டுக்கு எடுத்தது எதுவாயினும் சரி. ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறியிருந்தால் அது புறணியின் கணக்கு. வாரங்களில் குதித்திருந்தால் அதற்கு மேல் வேறொன்று வந்து அமர்ந்திருக்கிறது.

அந்த வேறொன்று பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். முதலாவது நீரிழப்பு. அடுத்தது மருந்து; குறிப்பாக டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள், அல்லது என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சூரணங்கள். மூன்றாவது தொற்று. நான்காவது அடைப்பு, இதை அதே ஸ்கேன் சொல்லிவிடும்: சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் விரிந்திருப்பதைக் குறிக்கும் ‘ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்ற சொல்லும், சிறுநீர் கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் எஞ்சிய அளவும் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லோ புராஸ்டேட் வீக்கமோ அடைத்திருந்தால், ஸ்டென்ட் வைத்தோ குழாய் இட்டோ வடித்துவிட்டபின் மெலிந்த சிறுநீரகமும் ஓரளவு எழும். எவ்வளவு எழும் என்பதைப் பெரும்பாலும் அடுத்த இரண்டொரு வாரங்களிலேயே கிரியேட்டினின் காட்டிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு

கணக்கு புரிவதற்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 52, கட்டட வேலை செய்யும் ஆண், பல ஆண்டுகளாக இரத்த அழுத்தம். நான்கு நாள் வயிற்றுப்போக்கு, கூடவே முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக். கிரியேட்டினின் 5.1, வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் வடிகட்டும் வேகம் (இ.ஜி.எஃப்.ஆர்.) சுமார் 13. ஸ்கேனில் வலது 8.1, இடது 8.4 சென்டிமீட்டர், பாரன்கைமா 9 மில்லிமீட்டர், கல்லீரலைவிட வெளுப்பு, எல்லை மறைந்துள்ளது, அடைப்பு இல்லை. 13 என்ற எண்ணையும் இந்த ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டயாலிசிஸ் வாசலில் நிற்கிறார் என்றே எவருக்கும் தோன்றும்.

பையில் மடித்து வைத்திருந்த, சென்ற ஆண்டுக் கண் அறுவைக்கு முன் எடுத்த தாளில் கிரியேட்டினின் 2.4 என்றிருக்கிறது, அது ஏறத்தாழ 32 என்ற வேகம். அப்படியென்றால் ஸ்கேனில் தெரியும் இழப்புக்குரிய எண் 32க்கு அருகில்தான். அதிலிருந்து 13 வரையிலான சரிவு இந்த நான்கு நாட்களின் வேலை. (இ.ஜி.எஃப்.ஆர். கணக்கு கிரியேட்டினின் நிலையாக இருக்கும்போதுதான் சரியாகப் பொருந்தும் என்பதால், 13 என்பதை உத்தேசமாகவே கொள்ள வேண்டும்.) வலி மாத்திரை நிறுத்தப்பட்டு, இரத்தக்குழாய் வழியாக நீர் ஏற்றப்பட்டு, பொட்டாசியம் கண்காணிக்கப்படுகிறது. ஐந்தாம் நாள் 3.6, மூன்றாம் வாரம் 2.8. அங்கே நிற்கிறது, வேகம் சுமார் 26. மூன்று மாதம் கழித்தும் அதே 2.8.

இங்கே மீட்சி நடந்ததும் உண்மை, அது 2.4ஐத் தொடாமல் நின்றதும் உண்மை. மெலிந்த புறணியில் எஞ்சியிருந்த சில நெஃப்ரான்களை இந்த அடி கொண்டுபோய்விட்டது. அடுத்த வயிற்றுப்போக்கில் இவர் இறங்கும் படி இன்னும் கீழே இருக்கும் என்பதால், உடம்புக்கு முடியாத நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்திவைப்பது, எப்போது இரத்தம் பார்ப்பது என்பதை மருத்துவர் எழுதித் தந்தே அனுப்ப வேண்டும்.

இனி செய்வதும் செய்யாததும்

இத்தகைய சிறுநீரகத்தில் பயாப்ஸி பொதுவாக எடுப்பதில்லை. மெலிந்த புறணியில் ஊசி குத்தினால் இரத்தக்கசிவு ஆபத்து கூடுதல். கிடைக்கும் துணுக்கிலும் தழும்புதான் இருக்கும், அது எந்த நோயில் தொடங்கியது என்பது பெரும்பாலும் அழிந்திருக்கும். ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளும் இந்தக் காரணத்தாலேயே தவிர்க்கப்படுகின்றன: தழும்பை அவை கரைப்பதில்லை, தொற்றை மட்டும் வரவழைக்கும். சுருங்கிய கிட்னியை வளரவைப்பதாகச் சொல்லி விற்கப்படும் எதற்கும் மேலே சொன்ன கணக்கில் இடமில்லை. அதைச் சாப்பிட்டபின் கிரியேட்டினின் இறங்கியது என்று காட்டினால், அதே வாரத்தில் வலி மாத்திரையும் நிறுத்தப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியது எஞ்சியதைக் காப்பது. இரத்த அழுத்தம், சிறுநீரில் போகும் புரதம் ஆகிய இரண்டுக்கும் ராமிப்ரில், டெல்மிசார்டான் வகை மருந்துகளில் ஏதேனும் ஒன்று தரப்படும்போது, முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் 30 விழுக்காடு வரை ஏறுவது எதிர்பார்க்கத்தக்கது. அதற்காகத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. சிறுநீரகத் தேய்வை மெதுவாக்கும் டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மருந்துகளை வடிகட்டும் வேகம் 20க்கு மேல் இருக்கும்போதே தொடங்குவது வழக்கம். வேகம் 30க்குக் கீழே இறங்கிவிட்டவர்கள், பழக்கமில்லாத கையில், பெரும்பாலோருக்கு இடக்கையில், முழங்கைக்குக் கீழே ஊசியோ டிரிப்போ போடவிடாமல் இரத்தக்குழாய்களைக் காத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலா வரப்போவது அங்கேதான். 20க்கு அருகில் வரும்போது மாற்று அறுவைப் பேச்சைத் தொடங்கிவிடலாம்.

ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதால் பயனில்லை. சுருங்கியது சுருங்கியதாகவே இருக்கும், போக்கைச் சொல்வது கிரியேட்டினினும் சிறுநீர்ப் புரதமும்தான். எதிர்பாராமல் கிரியேட்டினின் குதித்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சலோடு விலாவலி வந்தாலோ மறுபடி எடுக்க வேண்டும், அடைப்பு இருக்கிறதா என்பதற்காக. டயாலிசிஸில் பல ஆண்டுகள் இருப்பவர்களுக்குச் சுருங்கிய சிறுநீரகத்தில் புதிதாக நீர்க்கட்டிகள் தோன்றும். அவற்றில் சிலவற்றில் புற்றுநோய் உருவாவதுண்டு என்பதால், அவர்களுக்குச் சிறுநீரில் இரத்தம் தென்பட்டால் அன்றே ஸ்கேன் கேட்பது நியாயம்.